55 சென்ட் மழை: ஒரு தோட்டப் பதிவேட்டில் ஒன்றும் ஏழும், நான்கும் ஒன்பதும்

ஆனைமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பழைய மழைப் பதிவேடு. 1960-களில் அந்த ஆபீஸில் கிளார்க்காக இருந்தவரின் பேரன் என் நண்பர். தாத்தா கைப்பட எழுதிய 12 வருடக் கணக்கைப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்து, "இதை எக்செல்லில் ஏற்றித் தர முடியுமா சார்?" என்று அனுப்பினார். ஒரு பக்கம் ஒரு வருடம். இடது ஓரத்தில் 1 முதல் 31 வரை தேதி, மேலே ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதம். ஒவ்வொரு மாதத்தின் கீழும் மொத்தம், அதன் கீழ் மழை பெய்த நாட்களின் எண்ணிக்கை, வலது மூலையில் வருட மொத்தம். அளவு மில்லிமீட்டரில் இல்லை. அந்தக் காலத் தோட்ட வழக்கப்படி அங்குலமும் சென்ட்டும். 1.20 என்றால் ஓர் அங்குலம் இருபது சென்ட். நூறு சென்ட் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர்.

முதல் பக்கத்தைத் தட்டெழுதி முடித்ததும் மாத மொத்தங்களைக் கூட்டிப் பார்த்தேன். எட்டு மாதம் சரியாக வந்தது. நான்கு மாதம் வரவில்லை. அவற்றில் அக்டோபர்தான் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது, அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

நான் படித்தபடி அக்டோபரில் மழை பெய்த நாட்கள் இவை:

```
நாள்   மழை        நாள்   மழை
 3     0.14       13     0.94
 4     1.20       17     0.25
 7     0.47       18     1.12
 8     0.09       22     0.40
11     0.36       23     0.19
12     1.71       29     0.08
```

கூட்டினால் 6.95. கிளார்க் எழுதியிருந்த மொத்தம் 7.50. மழை நாள் 12 என்று அவர் குறித்திருந்தது என் பட்டியலோடு ஒத்துப்போனது. எனவே எந்த நாளும் விட்டுப்போகவில்லை. ஏதோ ஓர் எண்ணையோ சில எண்களையோ தப்பாகப் படித்திருக்கிறேன். 55 சென்ட் குறைகிறது.

நிறையப் பேர் இந்த இடத்தில் படத்தைப் பெரிதாக்கி, மேலிருந்து ஒவ்வோர் எண்ணாகப் பார்க்கத் தொடங்குவார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அப்படிப் பார்த்தால் சந்தேகம் எல்லா எண்ணிலும் வந்துவிடும். "தெரியும்" என்று நினைத்த எண்கூட பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். பார்ப்பதற்கு முன்னால் வித்தியாசத்தையே கேட்க வேண்டும் என்று சொல்லித் தந்தவர் எங்கள் தெருவில் இருக்கும், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். "தம்பி, எவ்வளவு இடிக்குதுன்னு முதல்ல சொல்லுங்க. அதுலயே பாதி பதில் இருக்கும்" என்றார்.

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. 7-ஐ 1 என்று படித்தால் 6 குறையும். 1-ஐ 7 என்று படித்தால் 6 கூடும். 4-க்கும் 9-க்கும் இடையே எப்போதும் 5. அந்த 6 எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப 6.00 அல்லது 0.60 அல்லது 0.06 என்று வரும், 5-ம் அப்படியே. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால், அதாவது 47-ஐ 74 என்று எழுதியிருந்தால், வித்தியாசம் 9-ஆல் வகுபடும். பழைய கணக்கர்கள் எல்லாருக்கும் இது தெரியும். 6 வித்தியாசம் வந்தாலே அது ஒன்றும் ஏழும்தான் என்று சாதித்துவிட முடியாது. 0-வும் 6-ம், 2-ம் 8-ம், 3-ம் 9-ம்கூட 6 தள்ளித்தான் இருக்கின்றன. ஆனால் கையெழுத்தில் 2-ஐ 8 என்று படிப்பது அபூர்வம், 1-ஐ 7 என்று படிப்பது அன்றாடம்.

சரி, 55. அது 6-ம் இல்லை, 5-ம் இல்லை, 9-ஆல் வகுபடவும் இல்லை. ஒரே ஒரு 1-7 குழப்பமோ ஒரே ஒரு 4-9 குழப்பமோ இதை உண்டாக்க முடியாது. இரண்டு பிழை சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு வழியில் 55 வரும்: 60-லிருந்து 5 போனால் 55, 50-ஓடு 5 சேர்ந்தாலும் 55.

முதல் வழியில், புள்ளிக்கு அடுத்த இடத்தில் நான் 1 என்று படித்த ஒன்று உண்மையில் 7 ஆக இருக்க வேண்டும், கடைசி இடத்தில் 9 என்று படித்த ஒன்று 4 ஆக இருக்க வேண்டும். புள்ளிக்கு அடுத்து 1 இருப்பவை 3, 18, 23 ஆகிய தேதிகள். கடைசியில் 9 இருப்பவை 8, 23. இரண்டாவது வழியில், புள்ளிக்கு அடுத்த 4 ஒன்று 9 ஆகவும் கடைசி இடத்து 4 ஒன்று 9 ஆகவும் இருக்க வேண்டும். முதலாவதற்கு 7, 22 ஆகிய தேதிகள். இரண்டாவதற்கு 3, 13. முதல் வழியில் ஆறு சேர்க்கை, இரண்டாவதில் நான்கு. அந்த ஆறில் ஒன்று விசித்திரமானது: 23-ஆம் தேதி 0.19 என்று படித்தது உண்மையில் 0.74 ஆக இருந்தால் ஒரே கட்டத்திலேயே 55 சென்ட்டும் தீர்ந்துவிடும்.

36 இலக்கங்களில் சந்தேகம் என்பது போய், இப்போது பார்க்க வேண்டியது ஒன்பது இலக்கம்தான். இந்தக் கணக்கு எங்கே பார்ப்பது என்று மட்டும்தான் சொல்கிறது. பத்துச் சேர்க்கையும் கூட்டலில் ஒன்றுக்கொன்று குறைந்தவை இல்லை. இதற்கு மேல் மை சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

மையைப் பார்க்கப் படம் ஒத்துழைக்கவில்லை. நண்பர் படங்களை அரட்டைச் செயலி வழியாகச் சாதாரணப் படமாக அனுப்பியிருந்தார். வந்து சேர்ந்த படத்தின் நீளப் பக்கம் 1600 பிக்சல். பதிவேட்டுப் பக்கத்தின் நீளம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர், அப்படியென்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 47 பிக்சல். கிளார்க்கின் எண்கள் 3 மில்லிமீட்டர் உயரம். படத்தில் 14 பிக்சல். 7-இன் மேல்கோட்டின் தடிமன் இரண்டு பிக்சல் தேறினால் அதிகம். ஜேபெக் சுருக்கம் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் வேலை செய்கிறது. ஓர் எண் இரண்டு கட்ட உயரத்துக்குள் அடங்கிவிட்டால், மெல்லிய கோடுகள்தான் முதலில் கரையும். 7-ஐ 7 ஆக்குவது அந்த மெல்லிய மேல்கோடு. 4-ஐ 4 ஆக்குவது மேலே திறந்திருக்கும் சின்ன இடைவெளி. அது கலங்கி மூடிக்கொண்டால் 9. எண்ணின் பெரும்பகுதி அப்படியே இருக்கும், அடையாளம் சொல்லும் துளி மட்டும் போய்விடும். அதனால்தான் இந்த இரண்டு இணைகளும் படத்தில் இவ்வளவு தொல்லை தருகின்றன.

அதே படத்தைச் செயலியில் 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொன்னேன். கைபேசி எடுத்த 4000 பிக்சல் அப்படியே வந்தது. எண் 35 பிக்சல் உயரம், கோடு ஐந்து பிக்சல் தடிமன். புதிதாகப் படமெடுக்காமலேயே பாதிச் சந்தேகம் தீர்ந்தது. 23-ஆம் தேதியின் 9 வட்டமாக மூடி, வால் இடப்பக்கம் வளைந்து நின்றது; அதன் 1 வெறும் குச்சி. விசித்திரமான அந்தச் சேர்க்கை போயிற்று. 7-ஆம் தேதியிலும் 22-ஆம் தேதியிலும் இருந்த 4-களின் மேல்வாய் நன்றாகத் திறந்திருந்தது. அவை இரண்டும் 4 என்று உறுதியானால் இரண்டாவது வழி முழுவதுமே விழுந்துவிடும், ஏனென்றால் 50 சென்ட் கொடுக்க வேறு ஆளில்லை. 3-ஆம் தேதியின் 1-ம் வெற்றுக் குச்சிதான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சேர்க்கை: 18-ஆம் தேதி 1.72, 8-ஆம் தேதி 0.04.

நீக்கிக்கொண்டே வந்து மிஞ்சியதை ஏற்றுக்கொள்வது எனக்குப் போதவில்லை. அந்த இரண்டு எண்களும் தாங்களாகவே 7 என்றும் 4 என்றும் தெரிய வேண்டும். பெரிய படத்திலும் 18-ஆம் தேதி எண் எனக்கு 1 ஆகத்தான் தெரிந்தது.

ஒரு கையெழுத்தில் 7 எப்படி இருக்கும் என்பதைப் பொதுவாகச் சொல்ல முடியாது. அந்தக் கை எழுதிய 7-களை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இந்தப் பதிவேட்டில் அதற்கு ஒரு நல்ல வசதி இருந்தது. தேதிகள் அச்சடித்தவை இல்லை, கிளார்க்கே எழுதியவை. தேதி வரிசையில் என்ன எண் இருக்கிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். 1 முதல் 31 வரை எழுதினால் 1 பதினான்கு முறை வரும். 4, 7, 9 ஒவ்வொன்றும் மூன்று முறை. 12 பக்கத்துக்கு 36 ஏழு. விடை தெரிந்த மாதிரிகள் இவ்வளவு கிடைக்கும்போது ஊகிக்க வேண்டிய அவசியம் என்ன? ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து நான்கு வரிசையாக ஒட்டினேன்.

ஆனால் தேதியெல்லாம் வருடத் தொடக்கத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் நிதானமாக எழுதியவை. மழை அளவோ தினமும் காலையில் மழைமானியைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது, சில நாள் ஈரக் கையோடுகூட இருக்கலாம். அதனால் கூட்டல் சரியாக வந்த எட்டு மாதங்களிலிருந்தும் எண்களை வெட்டிச் சேர்த்தேன். அந்த மாதங்களின் எண்கள் ஏற்கனவே கூட்டலால் ஓரளவு உறுதிப்பட்டவை.

மாதிரி வரிசைகளைப் பார்த்ததும் அந்த மனிதரின் கை பழகிவிட்டது. அவருடைய 1 வெறும் குச்சி, தலையில் கொடி கிடையாது, மேல் நுனி சற்றே வலப்பக்கம் சாயும். 7-ஐ எழுதும்போது இடது ஓரத்தில் ஒரு சின்னத் துளி கீழே இறங்கித்தான் மேல்கோட்டைத் தொடங்குகிறார். தண்டு கீழே வரும்போது 1-ஐவிட அதிகமாக இடது பக்கம் ஓடுகிறது. நடுவில் குறுக்குக்கோடு போடுவதில்லை. ஐரோப்பாவில் பல நாடுகளில் 7-க்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்கள். அவர்களுடைய 1-க்கு நீளமான கொடி இருப்பதால் அது தேவைப்படுகிறது. இங்கே 1 குச்சியாகவே எழுதப்படுவதால் அந்தப் பழக்கம் பலருக்கு இல்லை. 4-ஐ அவர் இரண்டு இழுப்பில் எழுதுகிறார்: முதலில் எல் போன்ற வளைவு, பேனாவைத் தூக்கி, அப்புறம் தண்டு. குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலப்பக்கம் எப்போதும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். 9 ஒரே இழுப்பு. தண்டின் வலப்பக்கம் எதுவும் நீட்டாது.

4-ஐயும் 9-ஐயும் பிரிக்க மேல்வாயை விட இந்த வலப்பக்க நீட்டலே நம்பகமானது என்பது என் அனுபவம். மேல்வாய் மை ஊறினாலும் மூடும், படம் கலங்கினாலும் மூடும். வெளியே நீட்டிய கோடு அவ்வளவு எளிதில் காணாமல் போவதில்லை. 8-ஆம் தேதி எண்ணைப் பார்த்தேன். மேல்பகுதி மை தேங்கி ஒரே கறுப்பாக இருந்தது, அதனால்தான் வளையம் போலத் தெரிந்தது. தண்டின் வலப்பக்கம் ஒரு முள் போலக் கோடு நீட்டியிருந்தது. கீழே வால் வளையாமல் நேராக நின்றது. 4. அதாவது 0.04.

18-ஆம் தேதிதான் கடினம். பதிவேட்டில் வெளிர்நீலத்தில் அச்சடித்த கிடைக்கோடுகள் இருந்தன. அந்த வரியில் கிளார்க் கொஞ்சம் மேலே தள்ளி எழுதிவிட்டார், எண்ணின் தலை சரியாகக் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. 7-இன் மேல்கோடும் தாளின் கோடும் ஒன்றாகிவிட்டன. கண்ணுக்கு அது கோட்டிலிருந்து தொங்கும் குச்சி, அதாவது 1. இதற்கு நேர்மாறானதும் நடக்கும்: 1-இன் தலை கோட்டைத் தொட்டால் தாளின் கோடு அதற்கு மேல்கோடாகி 7 என்று படிக்கவைக்கும். கோடு போட்ட தாளில் எழுதிய எந்தப் பட்டியலிலும், தலை கோட்டைத் தொடும் 1-ஐயும் 7-ஐயும் நம்பக் கூடாது.

இங்கே நிறம் உதவியது. வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு இருக்கிறது. வெளிர்நீலக் கோடு நீல அடுக்கில் வெளிச்சமாகத் தெரியும். தாளோ பழையது, மஞ்சளேறியது. மஞ்சள் நீலத்தை விழுங்குவதால் நீல அடுக்கில் தாள் சற்று மங்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்து, கோடு தாளுக்குள் கரைந்துவிடும். கிளார்க் பயன்படுத்தியது நீலக்கறுப்பு மை. அது மட்டும் கறுப்பாக நிற்கும். இமேஜ்மேஜிக் மென்பொருளில் ஒரே வரி:

```
magick oct.jpg -channel B -separate oct_b.png
```

பேனா மையே வெளிர்நீலமாக இருந்தால் இது பலிக்காது, மையும் சேர்ந்து மங்கிவிடும். கோடு சிவப்பாகவும் மை நீலமாகவும் இருந்தால் B-க்குப் பதில் R போட வேண்டும். படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பார்ப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். கைபேசி ஸ்கேனர் செயலிகள் பல அப்படித்தான் 'தெளிவாக்கி'த் தருகின்றன. அதில் மெல்லிய கோடு ஒன்று முழுக் கறுப்பாகும், இல்லையென்றால் முழு வெள்ளையாகும். அதற்கப்புறம் எந்த அடுக்கைப் பார்த்தும் பயன் இல்லை.

நீல அடுக்கில் 18-ஆம் தேதி வரி: தாளின் கோடு மறைந்தது, எண்ணின் தலையில் ஒரு மேல்கோடு மிஞ்சியது. அது இடப்பக்கம் தொடங்கும் இடத்தில் கீழே இறங்கும் அந்தச் சின்னத் துளியும் இருந்தது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். அதே மாதம் 12-ஆம் தேதி 1.71 என்று இருக்கிறது. அதில் புள்ளிக்கும் 7-இன் தண்டுக்கும் நடுவே அவர் விட்டிருக்கும் இடம் அகலம், ஏனென்றால் மேல்கோட்டுக்கு இடம் வேண்டும். 18-ஆம் தேதியிலும் அதே அகலம். 3-ஆம் தேதியின் 0.14-இலோ 1 புள்ளியை ஒட்டியே நிற்கிறது. மேல்கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதற்காக ஒதுக்கிய இடம் தெரிகிறது. 1.72.

வருட மொத்தத்தையும் சரிபார்த்தேன். அக்டோபர் 7.50 என்று வைத்துக் கூட்டினால்தான் வலது மூலை எண் வந்தது, எனவே மொத்தத்தை நான் தப்பாகப் படிக்கவில்லை. பிறகு நண்பர் ஊருக்குப் போனபோது அந்த இரண்டு வரியையும் நெருக்கத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுத்து அனுப்பினார். சாய்ந்த வெளிச்சத்தில் நிப் பதிந்த பள்ளம்கூடத் தெரிந்தது. 0.04, 1.72. 55 சென்ட், ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் மழை, இடத்துக்கு வந்து சேர்ந்தது.

மற்ற மூன்று மாதங்களில் ஏப்ரல் ஐந்து நிமிட வேலை. மொத்தம் 9.12 என்று படித்திருந்தேன், கூட்டினால் 4.12. வித்தியாசம் சரியாக 5.00. ஆனால் அந்த மாதம் எந்த நாளிலும் புள்ளிக்கு முன்னால் 2-க்கு மேல் எண்ணே இல்லை. 5 அங்குலத்தை ஒளித்துவைக்க இடமில்லை. தப்பு மொத்தத்தில். மாதிரி வரிசையை வைத்துப் பார்த்தால் அது வாய் மூடிய 4. மார்ச்சிலும் அதே கதைதான், கடைசி இடத்தில்.

ஆகஸ்ட் என்னை ஒரு சனிக்கிழமை முழுக்க உட்காரவைத்தது. நான் கூட்டியது 31.46, அவர் எழுதியது 30.46. வித்தியாசம் 1.00. புள்ளிக்கு அடுத்த இடத்தில் இரண்டு 4-களை 9 என்று படித்திருந்தால் 50-ம் 50-ம் சேர்ந்து 1.00 வரும். முழு இடத்தில் ஒரு 1-ஐ 7 என்றும் இன்னொரு 9-ஐ 4 என்றும் படித்திருந்தால் 6-லிருந்து 5 போய் 1.00 வரும். ஆகஸ்டில் எல்லா நாளும் மழை என்பதால் இப்படிப் பொருத்தக்கூடிய இணைகள் ஏராளம். எதையாவது இரண்டை மாற்றினால் டாலி ஆகிவிடும் என்ற ஆசை அங்கே பலமாக வரும். ஒவ்வொரு 9-ஐயும் மாதிரியோடு வைத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் வளைந்த வாலோடு நல்ல 9. 7-களும் அப்படியே. கூட்டும்போது அடுத்த வரிசைக்கு ஏற்ற வேண்டிய 1-ஐக் கிளார்க் விட்டிருக்கிறார் என்ற முடிவுக்கு வந்தேன். 31 எண்களை மனக்கணக்காகக் கூட்டிய மனிதருக்கு இது நேரக்கூடியதுதான். வருட மொத்தம் இதற்குச் சாட்சி சொல்லாது, ஏனென்றால் அவர் தன் 30.46-ஐத்தான் அங்கே கொண்டுபோயிருக்கிறார். நாள் எண்கள் எதையும் தொடாமல், கோப்பில் 'எழுதியுள்ள மொத்தம்', 'கூட்டிய மொத்தம்' என்று இரண்டு வரி வைத்தேன்.

இவ்வளவும் முடிந்தபோது நான் சரி என்று ஒதுக்கி வைத்திருந்த எட்டு மாதத்தில் ஒன்று தப்பு என்று தெரியவந்தது. ஜூன். கூட்டல் ஒரு சென்ட் பிசகாமல் வந்த மாதம். நண்பர் தன் ஆர்வத்துக்காக அதே பக்கத்தைத் தனியாகத் தட்டெழுதியிருந்தார். என் கோப்பைப் பார்க்காமல் செய்ததால்தான் இது வெளிப்பட்டது. "சார், 9-ஆம் தேதி நீங்க 0.71 போட்டிருக்கீங்க, எனக்கு 0.11-ன்னு தோணுது" என்றார். அது 0.11 என்றால் 60 சென்ட் குறைய வேண்டுமே என்று தேடினால், 21-ஆம் தேதி நான் 0.15 என்று படித்தது 0.75. ஓர் இடத்தில் 1-ஐ 7 ஆக்கி, அதே வரிசையில் இன்னோர் இடத்தில் 7-ஐ 1 ஆக்கியிருக்கிறேன். 60 கூடி 60 குறைந்து, மொத்தம் சாதுவாக உட்கார்ந்திருந்தது. முதலாவதில் தாளின் கோடு 1-க்கு மேல்கோடாகியிருந்தது. இரண்டாவதில் 7-இன் மேல்கோடு தாளின் கோட்டுக்குள் போயிருந்தது. ஒரே காரணம்தான் இரண்டு பக்கமும் வேலை செய்திருக்கிறது, அதனால் இப்படி ஒன்றையொன்று அழித்துக்கொள்வது நாம் நினைப்பதைவிட எளிதாக நடக்கும்.

கூட்டல் இடிக்கும் மாதத்தில் தப்பு இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். கூட்டல் சரியாக வரும் மாதத்தில் தப்பு இல்லை என்று சொல்ல முடியாது. இதற்கு மருந்து இன்னொரு கண். 2020-இல் பிரிட்டனில், ரீடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் முன்னின்று நடத்திய மழைப் பதிவு மீட்புத் திட்டத்தில் 65,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துத் தாள்களை ஏறக்குறைய 16,000 தன்னார்வலர்கள் 16 நாளில் தட்டெழுதி முடித்தார்கள். அங்கேயும் ஒரே எண்ணைப் பலர் தனித்தனியாகப் படித்தார்கள், தாளில் இருந்த வருட மொத்தத்தோடும் ஒப்பிட்டார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பிடிபடுகிறது. ஒருவர் தட்டெழுதியதை இன்னொருவர் 'பார்த்து'க் கொடுப்பது இதற்கு ஈடாகாது. முன்னால் ஓர் எண் இருந்தால் கண் அதையே படத்திலும் காணும். இருவரும் தனித்தனியே எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிட வேண்டும். அதன்பிறகு மிச்சம் 11 பக்கத்தையும் நாங்கள் இருவரும் அப்படித்தான் செய்தோம்.

மூன்றாம் பக்கத்தில் மாதிரி வரிசையே ஒருமுறை காலை வாரிவிட்டது. பிப்ரவரியில் மூன்று வாரம் வேறொரு கை எழுதியிருக்கிறது, கிளார்க் விடுப்பில் போயிருக்கலாம். அந்தப் புதியவரின் 1-க்குத் தலையில் நீளமான கொடி. தாத்தாவின் 7-க்கு அச்சு அசல் அதே தோற்றம். பிப்ரவரியில் அந்த மலையில் ஏழு அங்குலம் பெய்தது என்று கோப்பில் ஏறியபோதுதான் விழித்துக்கொண்டேன். மையின் நிறமும் 2-இன் வளைவும் மாறியிருந்ததைப் பார்த்து, அவருக்குத் தனி மாதிரி வரிசை செய்தோம். தேதி வரிசை தாத்தா எழுதியது என்பதால் அது இங்கே உதவவில்லை. புதியவர் எழுதிய மூன்று வாரத்தில் சந்தேகமில்லாத எண்களை வைத்தே செய்ய வேண்டியிருந்தது.

கடைசிப் பக்கம் கரையான் தின்றது. கீழ் ஓரம் போய், நவம்பர், டிசம்பர் மொத்தமும் வருட மொத்தமும் இல்லை. நவம்பர் 14-இல் ஓர் எண் 0.12 அல்லது 0.72. பேனா மை தீரும் நேரம். மேல்கோடு இருக்க வேண்டிய இடத்தில் நிப் உரசிய தடம் மாதிரி ஒன்று இருக்கிறது, இல்லாதது மாதிரியும் இருக்கிறது. நான் 0.72 என்று எழுதினேன், நண்பர் தனியாக 0.12 என்று எழுதியிருந்தார். நீல அடுக்கு, சாய்ந்த வெளிச்சம், புள்ளிக்கும் தண்டுக்கும் இடையிலான அகலம் என்று எல்லாம் பார்த்தோம். அகலம் சரியாக நடுவில் நின்றது. அருகில் உள்ள தோட்டத்தில் அன்று எவ்வளவு பெய்தது என்று தேடலாம் என்றார் நண்பர். மலையில் ஒரு சரிவில் அரை அங்குலம் பெய்யும்போது அடுத்த சரிவு காய்ந்து கிடக்கும், அதனால் அதை வைத்து ஒரு மேல்கோட்டைத் தீர்மானிக்க எனக்கு மனம் வரவில்லை. கோப்பில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்துக் கட்டத்தில் '0.12 அல்லது 0.72' என்று எழுதி, வெட்டிய படத்தையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.